சட்டம் சொல்லும் வரி, கணக்கு காட்டும் வரி

இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில், 115பி.ஏ.ஏ. பிரிவைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு வரி விகிதம் 22 சதவீதம். அதன்மேல் பத்து சதவீத சர்சார்ஜ் சேர்ந்தால் 24.2. அந்த 24.2-க்கு நான்கு சதவீத செஸ் சேர்ந்தால் 25.168. சட்டம் சொல்லும் விகிதம் இதுதான். ஆனால் அதே கம்பெனியின் ஆண்டறிக்கையில் லாப நட்டக் கணக்கை எடுத்து, வரிச் செலவை வரிக்கு முந்தைய லாபத்தால் வகுத்துப் பார்த்தால் பெரும்பாலும் 25.168 வருவதில்லை. 22 வரும், 27 வரும், சில ஆண்டுகளில் 17-கூட வரும். இப்படி வகுத்து வரும் எண்ணுக்குப் பயனுறு வரி விகிதம் என்று பெயர்.

இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதைக் கம்பெனியே விளக்க வேண்டும் என்கிறது இண்ட் ஏ.எஸ். 12 என்ற கணக்கியல் தரநிலை. உலகின் பல நாடுகள் பின்பற்றும் ஐ.ஏ.எஸ். 12-ஐ அடியொற்றியது அது. விளக்கத்தை ரூபாயிலும் தரலாம், சதவீதத்திலும் தரலாம். ரூபாயில் தரும்போது லாபத்தைச் சட்ட விகிதத்தால் பெருக்கி வரும் வரியில் தொடங்கி, கூட்டியும் கழித்தும், கணக்கில் காட்டிய வரியில் முடிக்க வேண்டும். வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட்டவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான். ஆண்டறிக்கையின் பின்பகுதியில், வருமான வரி என்ற குறிப்பின் கீழ், ஏழெட்டு வரிகளில் இது அடங்கிவிடும். தலைவரின் முன்னுரையைப் படிப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட அதுவரை வருவதில்லை. கம்பெனியின் லாபத்தில் எது நிலையானது, எது ஒருமுறை வந்து போவது என்று முன்னுரையைவிட அந்த ஏழெட்டு வரிகள்தான் நேர்மையாகச் சொல்கின்றன.

பட்டியலில் வராத வித்தியாசம்

வரித்துறையின் கணக்கும் கம்பெனியின் கணக்கும் வேறுபடும் இடங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில் தலைகாட்டவே கூடாது. புதிதாகப் படிப்பவர்களைக் குழப்புவதும் இதுவே என்பதால் முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். கம்பெனி அதன் விலையை 15 ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துத் தேய்மானம் எழுதுகிறது. வருமான வரிச் சட்டமோ ஒவ்வோர் ஆண்டும் மீதமுள்ள மதிப்பில் 15 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆகவே ஆரம்ப ஆண்டுகளில் வரிக் கணக்கில் தேய்மானம் அதிகம், பிந்தைய ஆண்டுகளில் குறைவு. ஆயுள் முழுவதையும் கூட்டினால் இரண்டும் ஒன்றுதான். இந்த ஆண்டு எட்டுக் கோடி ரூபாய் கூடுதலாகக் கழிந்தால் இந்த ஆண்டு கட்டும் வரி ஏறக்குறைய இரண்டு கோடி குறையும். ஆனால் அந்த இரண்டு கோடி தள்ளுபடியாகவில்லை, தவணை தள்ளிப்போயிருக்கிறது. பின்னொரு நாள் கட்டியாக வேண்டும் என்பதால் அதை இன்றே ஒரு பொறுப்பாக எழுதிவைக்கிறார்கள். அதற்குத்தான் ஒத்திவைக்கப்பட்ட வரி என்று பெயர்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஊழியர்களின் பணிக்கொடைக்குக் கம்பெனி இந்த ஆண்டே மூன்று கோடி ஒதுக்கிவைக்கிறது. வெறும் ஒதுக்கீட்டைச் செலவாக வரிச் சட்டம் ஏற்பதில்லை, பணம் உண்மையில் போகும் ஆண்டில்தான் ஏற்கும். எனவே இன்று வரி கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது, நாளை அது திரும்பக் கிடைக்கும். அந்த நாளைய பலனை ஒரு சொத்தாக எழுதுகிறார்கள்.

லாப நட்டக் கணக்கில் வரிச் செலவு என்று காட்டப்படுவது, இந்த ஆண்டுக்குரிய நடப்பு வரியும் இந்த ஒத்திவைக்கப்பட்ட வரியும் சேர்ந்த தொகை. தேய்மானத்தால் நடப்பு வரி இரண்டு கோடி குறைந்தால் ஒத்திவைக்கப்பட்ட வரி அதே இரண்டு கோடி கூடும். கூட்டுத்தொகை அசையாது. காலம் மட்டுமே மாறும் வித்தியாசங்கள் பயனுறு விகிதத்தைத் தொடாது என்பதன் காரணம் இதுதான். சரிக்கட்டும் பட்டியலில் ‘தேய்மான வித்தியாசம்’ என்று ஒரு வரி இருந்தால், ஒத்திவைக்கப்பட்ட வரியை எங்கோ எழுத மறந்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

பட்டியலுக்கு உரியவை என்றென்றைக்கும் திரும்பாத வித்தியாசங்கள், வேறு விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானங்கள், முந்தைய ஆண்டுகளின் திருத்தங்கள், சொத்தாக எழுத முடியாமல் போன நட்டங்கள் ஆகியவை. சட்ட விகிதமே மாறினால் அதன் விளைவும் இங்கேதான் வந்து சேரும்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு கற்பனைக் கம்பெனியின் 2024–25 கணக்கைக் கொண்டு இதை நடத்திப் பார்க்கலாம். வரிக்கு முந்தைய லாபம் 100 கோடி ரூபாய். அதில் 80 கோடி பம்ப் விற்று வந்தது. மீதி 20 கோடி, நகருக்கு வெளியே வெகுகாலமாகச் சும்மா கிடந்த ஒரு நிலத்தை 2024 செப்டம்பரில் விற்றதில் கிடைத்த லாபம். கணக்கில் எழுதிய தேய்மானம் 20 கோடி, வரிக்கான தேய்மானம் 28 கோடி. பணிக்கொடை ஒதுக்கீடு மூன்று கோடி.

கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். இந்தக் கம்பெனிக்குச் சென்ற ஆண்டுகள் நல்ல ஆண்டுகள் என்பதால் அந்தச் செலவு இரண்டு கோடி. பள்ளிக்குக் கட்டடம் கட்டினாலும் குளத்தைத் தூர்வாரினாலும் இந்தத் தொகையைத் தொழிலுக்கான செலவாக வருமான வரிச் சட்டம் ஏற்பதில்லை. 2014ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 37ஆம் பிரிவில் சேர்த்த விளக்கம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒரு சட்டம் செலவழி என்கிறது, இன்னொரு சட்டம் அது செலவே அல்ல என்கிறது. முரண் போலத் தோன்றினாலும், கழிக்க விட்டால் அந்தச் செலவில் கால்பங்கை அரசே ஏற்றதாகிவிடும் என்பது அதற்குப் பின்னாலுள்ள கணக்கு. இது பின்னொரு நாள் திரும்பி வரும் வித்தியாசம் அல்ல. ஆகவே பட்டியலில் இடம்பெறும். இரண்டு கோடிக்கு 25.168 சதவீதம், ஐம்பது லட்சம் ரூபாய் வரியைக் கூட்டும்.

நில விற்பனை எதிர்த்திசையில் இழுக்கிறது. 2024 ஜூலை 23 முதல் நீண்ட கால மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்தால் 14.3 சதவீதம். 25.168 சதவீதம் கட்ட வேண்டிய 20 கோடிக்கு 14.3 சதவீதமே கட்டுவதால் 2.17 கோடி மிச்சம்.

புதிதாக ஆட்களை வேலைக்குச் சேர்த்தால், சில நிபந்தனைகளோடு, அந்தக் கூடுதல் சம்பளத்தில் 30 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு மேற்கொண்டு கழித்துக்கொள்ள 80ஜேஜேஏஏ பிரிவு அனுமதிக்கிறது. கூடுதல் சம்பளம் நான்கு கோடி என்றால் கழிவு 1.2 கோடி, வரியில் மிச்சம் 30 லட்சம். சம்பளம் முன்பே முழுச் செலவாகக் கழிக்கப்பட்டுவிட்டதால் இது அதற்கும் மேலே கிடைக்கும் சலுகை. இதுவும் திரும்பாது.

கடைசியாக, முந்தைய ஆண்டுக்காக ஒதுக்கிய வரி போதவில்லை என்று மதிப்பீட்டின்போது தெரியவந்து, 40 லட்சம் இந்த ஆண்டில் எழுதப்பட்டது. இவற்றை வரிசையாக வைத்தால் பட்டியல் இப்படி அமையும் (கோடி ரூபாயில்):

லாபம் 100 × 25.168% — 25.17
சமூகப் பொறுப்புச் செலவு — கூட்டு 0.50
நில விற்பனைக்குக் குறைந்த விகிதம் — கழி 2.17
புதிய வேலைவாய்ப்புக் கழிவு — கழி 0.30
முந்தைய ஆண்டின் வரி — கூட்டு 0.40
கணக்கில் காட்டிய வரி — 23.60

பயனுறு விகிதம் 23.60 சதவீதம். இதை மறுபக்கத்திலிருந்து சரிபார்க்கலாம். சரியாகப் போட்ட பட்டியல் என்றால் இரு வழியிலும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். தொழில் லாபம் 80 கோடி. அதோடு சமூகப் பொறுப்பு 2, பணிக்கொடை 3, கணக்குத் தேய்மானம் 20 ஆகியவற்றைக் கூட்டி, வரித் தேய்மானம் 28-ஐயும் வேலைவாய்ப்புக் கழிவு 1.2-ஐயும் கழித்தால், வரிக்குரிய தொழில் வருமானம் 75.8 கோடி. அதற்கு வரி 19.08 கோடி. நிலத்துக்கு 2.86 கோடி. முந்தைய ஆண்டுக்கு 0.40 கோடி. ஆக நடப்பு வரி 22.34 கோடி. தேய்மானத்தின் எட்டுக் கோடி வித்தியாசத்தால் எழும் பொறுப்பு 2.01 கோடி, பணிக்கொடையால் கிடைக்கும் சொத்து 0.76 கோடி. இரண்டின் நிகரமாக ஒத்திவைக்கப்பட்ட வரி 1.26 கோடி (பைசா வரை கணக்கிட்டு இறுதியில் முழுமையாக்கிய எண்). 22.34-ஐயும் 1.26-ஐயும் கூட்டினால் அதே 23.60 கோடி.

தேய்மானமும் பணிக்கொடையும் இந்த இரண்டாம் வழியில் பெரிய எண்களாக வந்து போயின. முதல் பட்டியலில் அவற்றின் சுவடே இல்லை.

இனி இந்த 23.60-ஐ எப்படிப் படிப்பது? சட்ட விகிதத்தைவிட ஒன்றரைப் புள்ளி குறைவு. வரித் திட்டமிடலில் கெட்டிக்காரக் கம்பெனி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நிலம் அடுத்த ஆண்டு விற்பனைக்கு இருக்காது. அதன் லாபத்தையும் அதற்குரிய வரியையும் எடுத்துவிட்டு, முந்தைய ஆண்டின் 40 லட்சத்தையும் ஒதுக்கினால், 80 கோடி லாபத்துக்கு 20.34 கோடி வரி. விகிதம் 25.42 சதவீதம். பம்ப் தொழில் சட்ட விகிதத்துக்குச் சற்று மேலேதான் வரி கட்டுகிறது. அடுத்த ஆண்டின் லாபத்தைக் கணிக்க விரும்பும் ஒருவர் 23.60-ஐப் பயன்படுத்தினால், நூறு கோடிக்கு ஏறக்குறைய இரண்டு கோடி ரூபாய் அதிகமாக நிகர லாபம் வரும் என்று தப்புக் கணக்குப் போட்டுவிடுவார். வேலைவாய்ப்புக் கழிவும் மூன்று ஆண்டுகளில் தீர்ந்துபோவது என்பதால், 25.42-கூட நிரந்தரம் அல்ல.

துபாய் கிளை சேர்ந்ததும்

அந்தக் கம்பெனிக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முழுச் சொந்தமான ஒரு துணை நிறுவனம் இருக்கிறது என்று கொள்வோம். தொடங்கிய நாள் முதல் நட்டம். இந்த ஆண்டு நட்டம் ஆறு கோடி ரூபாய். அமீரகத்தில் 2023 ஜூன் முதல் கம்பெனி வரி ஒன்பது சதவீதம். நட்டத்தைப் பின்வரும் ஆண்டுகளின் லாபத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதால், அதற்குரிய வரிப் பலன் 54 லட்சத்தைச் சொத்தாக எழுதலாமே என்று கேட்கலாம். லாபம் வரும் என்று நம்ப உறுதியான சான்று வேண்டும் என்கிறது தரநிலை. அண்மை ஆண்டுகளில் தொடர்ந்து நட்டம் என்பதே, இனியும் லாபம் வராமல் போகலாம் என்பதற்கு வலுவான சான்றாகக் கருதப்படும். ஆடிட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. சொத்து எழுதப்படவில்லை.

கூட்டுக் கணக்கில் லாபம் இப்போது 94 கோடியாகிறது. வரி அதே 23.60 கோடி. பயனுறு விகிதம் 25.10 சதவீதம்.

ஏழு காசு வித்தியாசத்தில் சட்ட விகிதம் வந்துவிட்டது. மேலோட்டமாகப் பார்ப்பவர் இங்கே விளக்க ஒன்றுமில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். உண்மையில் ஒருமுறை மட்டும் கிடைத்த நில லாபத்தின் சலுகையும், வரிப் பலன் இல்லாத வெளிநாட்டு நட்டத்தின் சுமையும் தற்செயலாக ஒன்றையொன்று அடித்துவிட்டன. அடுத்த ஆண்டு நிலம் போய்விடும், நட்டம் நிற்கும். இரண்டு விகிதங்களும் ஒத்துப்போவதே சில சமயம் சந்தேகப்பட வேண்டிய செய்தி என்பதற்கு இது உதாரணம்.

இந்த ஆறு கோடியைப் பட்டியலில் காட்டுவதிலும் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. ஒரு கம்பெனி ‘சொத்தாக எழுதாத நட்டம்’ என்ற ஒரே வரியில் 1.51 கோடியைக் கூட்டும். இன்னொன்று, அமீரக விகிதப்படி 0.54 கோடியை எழுதாத நட்டம் என்றும், மீதி 0.97 கோடியை ‘வெளிநாட்டு விகித வித்தியாசம்’ என்றும் பிரிக்கும். கூட்டுத்தொகை ஒன்றே என்றாலும், பிரித்துக் காட்டுவது கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது. கிளை என்றைக்காவது லாபத்துக்குத் திரும்பினால், பழைய நட்டத்தால் மீண்டு வரக்கூடிய வரிப் பலன் 54 லட்சம்தான், ஒன்றரைக் கோடி அல்ல. ஒரே வரியில் காட்டும் கம்பெனியின் அறிக்கையில் இது தெரியாது.

விகிதமே மாறும் ஆண்டு

2019 செப்டம்பர் 20 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கம்பெனி வரிக் குறைப்பை அறிவித்தார். அவசரச் சட்டமும் உடனே வந்தது. சலுகைகளைத் துறக்கச் சம்மதித்த கம்பெனிகளுக்கு, பெரிய கம்பெனிகள் அதுவரை கட்டிவந்த 34.944 சதவீதம் 25.168 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டின் வரிச் சுமை குறைந்தது எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் எழுதிவைத்திருந்த ஒத்திவைக்கப்பட்ட வரியும் புதிய விகிதத்துக்கு மறுமதிப்பிடப்பட வேண்டும். பின்னொரு நாள் கட்டப்போகும் வரியை, அன்றைக்கு நடப்பில் இருக்கும் விகிதத்தில்தானே மதிப்பிட முடியும்.

நம் பம்ப் கம்பெனிக்கு அப்போது தேய்மானத்தால் சேர்ந்திருந்த வித்தியாசம் 40 கோடி என்று வைத்துக்கொள்வோம். பழைய விகிதத்தில் எழுதிய பொறுப்பு 13.98 கோடி. புதிய விகிதத்தில் 10.07 கோடி. 3.91 கோடி ரூபாய், யாரும் எதுவும் செய்யாமலே, அந்த ஆண்டின் லாபமாகிவிடுகிறது. அந்த ஆண்டில் வரிக்கு முந்தைய லாபம் 60 கோடி என்றால், 25.168 சதவீதப்படி 15.10 கோடியாக இருந்திருக்க வேண்டிய வரி 11.19 கோடியாகிறது. பயனுறு விகிதம் 18.65 சதவீதம். காலம் மட்டுமே மாறும் வித்தியாசங்கள் விகிதத்தைத் தொடாது என்று முன்பு சொன்னதற்கு இதுவே பெரிய விலக்கு. இன்று ஒரு விகிதத்தில் எழுதி, நாளை வேறு விகிதத்தில் தீர்க்கும்போது இடைவெளி பட்டியலில் வந்து விழும்.

பொறுப்புக்குப் பதிலாகச் சொத்து எழுதிவைத்திருந்தவர்களுக்கு இதே அறிவிப்பு நட்டமாகியது. வங்கிகள்தான் அதில் முன்னணி. வாராக்கடனுக்காக ஒதுக்கிய தொகைகள் உடனே வரிக் கழிவாக ஏற்கப்படாததால், அவற்றின் பெயரில் ஒத்திவைக்கப்பட்ட வரிச் சொத்து பெருமளவில் சேர்ந்திருந்தது. 2019 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில், அந்தச் சொத்தை மறுமதிப்பிட்டதால் ஆக்சிஸ் வங்கி 2,138 கோடி ரூபாயை ஒரேயடியாகச் செலவெழுதியது. காலாண்டின் முடிவு 112 கோடி ரூபாய் நட்டம். அந்த ஒற்றை எழுத்து இல்லையென்றால் இரண்டாயிரம் கோடிக்கு மேல் லாபம் இருந்திருக்கும். ஐசிஐசிஐ வங்கியும் அதே காலாண்டில் 2,920 கோடி ரூபாய் இப்படிச் சுமந்தது. வரி குறைந்த செய்தியால் பங்குச் சந்தை துள்ளிய அதே காலாண்டில், வங்கிகளின் வரிச் செலவு எகிறியது விசித்திரமாகத் தெரிந்தாலும் கணக்கு சரியானது. பின்னால் திரும்பக் கிடைக்கும் என்று எண்ணியிருந்த வரி, குறைந்த விகிதத்தில் குறைவாகத்தானே கிடைக்கும்.

ஒருமுறை மட்டும் வரும் வரி எந்த அளவுக்கு விகிதத்தை இழுக்கும் என்பதற்கு ஆப்பிள் இன்னொரு சாட்சி. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்து வரி வழக்கில் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதனால் ஏறத்தாழ 10.2 பில்லியன் டாலர் அந்த நிதியாண்டின் வரிச் செலவில் ஏறியது. முந்தைய ஆண்டு 14.7 சதவீதமாக இருந்த பயனுறு விகிதம் 24.1-க்குத் தாவியது. அமெரிக்காவின் சட்ட விகிதம் 21 சதவீதம். இரண்டு ஆண்டுகளில் ஒன்று அதற்கு வெகு கீழே, மற்றொன்று மேலே. இரண்டுமே அந்தக் கம்பெனி ஆண்டுதோறும் கட்டும் வரியின் சரியான படம் அல்ல.

‘மற்றவை’ என்ற வரி

பட்டியலின் கடைசியில் அநேகமாக ‘மற்றவை’ என்று ஒன்று இருக்கும். சிறு தொகைகளைத் தனித்தனியாகக் காட்டுவதில் பயனில்லை என்பதால் அது இருப்பதில் தவறில்லை. பெயர் சொல்லிக் காட்டிய வரிகளைவிட ‘மற்றவை’ பெரிதாக இருந்தால்தான் தொல்லை. எதிர்பார்த்த வரிக்கும் எழுதிய வரிக்கும் இடையே விளக்க முடியாத ஒரு தொகை மிஞ்சும்போது, அவசரத்தில் அதை அங்கே அடைத்துவிடுவது நடக்கக்கூடியதே. அமெரிக்காவில் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள், சட்ட விகிதப்படியான வரியில் ஐந்து சதவீதத்துக்கு மேற்பட்ட எந்த இனத்தையும் தனியே காட்டியாக வேண்டும். அண்மையில் வந்த புதிய விதி, எட்டு வகைகளாகப் பிரித்துக் காட்டவும் சொல்கிறது. இண்ட் ஏ.எஸ். 12-இல் அப்படி ஓர் எண் எல்லை கிடையாது, எது முக்கியம் என்பது கம்பெனியும் ஆடிட்டரும் பார்த்து முடிவெடுப்பது.

வெளியிலிருந்து படிப்பவரிடமும் ஒரு கருவி இருக்கிறது. பட்டியலில் சட்ட விகிதத்தால் பெருக்கி எழுதிய தொகையை அதே விகிதத்தால் வகுத்தால், அது எந்த அடிப்படைத் தொகையிலிருந்து வந்தது என்று தெரியும். சமூகப் பொறுப்புக்குக் காட்டிய 0.50 கோடியை 0.25168-ஆல் வகுத்தால் ஏறக்குறைய இரண்டு கோடி. ஆண்டறிக்கையின் சமூகப் பொறுப்பு இணைப்பிலும் அதே இரண்டு கோடி இருக்கிறதா என்று பார்க்கலாம். இதே வழியில் ‘மற்றவை’யையும் விசாரிக்கலாம். நம் பம்ப் கம்பெனியின் கணக்கர் பணிக்கொடைக்கான சொத்தை எழுத மறந்துவிட்டார் என்று வையுங்கள். வரிச் செலவு 0.76 கோடி கூடிவிடும், பட்டியலில் அதற்கு விளக்கம் கிடைக்காது, ‘மற்றவை 0.76’ என்று அச்சாகும். அதை விகிதத்தால் வகுத்தால் மூன்று கோடி. ஊழியர் நலன் குறிப்பைப் புரட்டினால் பணிக்கொடை ஒதுக்கீடு மூன்று கோடி என்று கண்ணில் படும். எப்போதும் இவ்வளவு சுலபமாகச் சிக்கிவிடாது. பல சிறு பிழைகள் கலந்து கிடந்தால் எந்த எண்ணோடும் பொருந்தாது. ஆனாலும் தேட வேண்டிய இடத்தை இது காட்டும்.

இன்னொரு பொறி, பணிக்கொடை மதிப்பீட்டில் வரும் ஏற்ற இறக்கங்கள். அவை லாப நட்டத்துக்குள் வராமல் ‘பிற முழுமை வருமானம்’ என்ற பகுதிக்குப் போகும், அவற்றுக்குரிய வரியும் கூடவே அங்கே போகும். பட்டியலின் தொடக்கத்தில் உள்ள லாபம் அவற்றைச் சேர்க்காதபோது, முடிவில் உள்ள வரி மட்டும் அவற்றைச் சேர்த்திருந்தால் இரண்டு நுனியும் பொருந்தாது. பட்டியலின் முதல் எண் வரிக்கு முந்தைய லாபத்தோடும், கடைசி எண் லாப நட்டக் கணக்கின் வரிச் செலவோடும் அப்படியே ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அதனால்தான் முதல் வேலை.

விகிதம் பொருளிழக்கும் இடம்

லாபம் மெலிந்த ஆண்டில் இந்த விகிதத்தை நம்பக் கூடாது. அதே கம்பெனி ஒரு மோசமான ஆண்டில் இரண்டு கோடி மட்டுமே லாபம் ஈட்டுகிறது என்போம். சமூகப் பொறுப்புச் செலவு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரியில் கணக்கிடப்படுவதால் இன்னும் 1.8 கோடியாக நிற்கிறது. வேறு எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் வரி 96 லட்சம். பயனுறு விகிதம் 48 சதவீதத்தை நெருங்குகிறது. அரசு கொள்ளையடிக்கவில்லை, வகுக்கும் எண் சிறுத்துவிட்டது. நட்டம் வந்த ஆண்டில் நிலைமை இன்னும் குழப்பம். நட்டத்தோடு வரிச் செலவும் இருந்தால் விகிதம் எதிர்க்குறியில் வரும், அதற்குப் பொருளே சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் சதவீதப் பட்டியலைவிட ரூபாய்ப் பட்டியலே உதவும். தரநிலை இரண்டில் எதையும் அனுமதிப்பதால், சதவீதத்தை மட்டும் தரும் கம்பெனியின் அறிக்கையில் வாசகரே லாபத்தால் பெருக்கி ரூபாய்க்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பயனுறு விகிதம் கையிலிருந்து போன பணத்தையும் சொல்வதில்லை. பம்ப் கம்பெனியின் தனிக் கணக்கில் வரிச் செலவு 23.60 கோடி. நடப்பு வரி 22.34 கோடி. முன்வரித் தவணைகள், முந்தைய ஆண்டுப் பாக்கி, வரவேண்டிய ரீஃபண்ட் ஆகியவற்றைப் பொறுத்து அந்த ஆண்டில் உண்மையில் செலுத்திய தொகை இந்த இரண்டிலிருந்தும் வேறுபடலாம். அது ரொக்க ஓட்ட அறிக்கையில், ‘செலுத்திய வருமான வரி’ என்ற தனி வரியில் இருக்கும். வேகமாக இயந்திரங்கள் வாங்கிக் குவிக்கும் கம்பெனியில் செலுத்திய வரி ஆண்டுக்கணக்கில் வரிச் செலவைவிடக் குறைவாகவே நிற்கும். பயனுறு விகிதம் 25-ஐ ஒட்டி நின்றாலும் ரொக்கமாகப் போனது 18 என்று இருப்பது அங்கே இயல்பு. விரிவாக்கம் நின்ற சில ஆண்டுகளில் அந்த உறவு தலைகீழாகும்.